90-க்கும் 91-க்கும் நடுவே

ஏப்ரல் மாதக் கடைசி. தேர்ச்சிப் பட்டியலை முடித்துக் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது. ஏழாம் வகுப்பு ஆசிரியை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். "சார், இந்த ரெண்டு வரிசையையும் கொஞ்சம் பாருங்களேன். ரெண்டு பிள்ளைக்கும் 91தான். ஒருத்திக்கு A1 வருது, ஒருத்தனுக்கு A2 வருது. எக்செல் தப்பாப் போடுதா?"

பார்த்தேன். சராசரி நெடுவரிசையில் இரண்டு பேருக்கும் 91 என்றே இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் கிரேடு மட்டும் வேறு. பெற்றோர் கையில் போகப்போகிற தாள் அது. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே 91, இரண்டு கிரேடு. பார்க்கிற எந்த அம்மாவும் கேட்பார்.

எக்செல் தப்பாகப் போடவில்லை. அதற்குக் கொடுத்த விதியில் ஓர் இடம் யாரும் தொடாமல் விடப்பட்டிருந்தது. 90-க்கும 91-க்கும் நடுவே உள்ள அந்தச் சிறிய இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60, ஆக மொத்தம் 100 மதிப்பெண். அந்த நூற்றை ஒன்பது கிரேடுகளாகப் பிரித்த அட்டவணை ஆசிரியர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: 91 முதல் 100 வரை A1, 81 முதல் 90 வரை A2, 71-80 B1, 61-70 B2, 51-60 C1, 41-50 C2, 33-40 D, 21-32 E1, 20-ம் அதற்குக் கீழும் E2.

ஒரு பருவத்தின் மதிப்பெண் முழு எண்ணாக இருக்கும்வரை இந்த அட்டவணையில் குறையே இல்லை. 90 என்றால் A2, 91 என்றால் A1. நடுவில் எதுவும் கிடையாது. ஆனால் ஆண்டு இறுதியில் மூன்று பருவ மதிப்பெண்ணையும் கூட்டி மூன்றால் வகுத்தால் பின்னம் வருகிறது. மூன்று பருவத்தின் கூடுதல் 270 என்றால் சராசரி 90. கூடுதல் 273 என்றால் 91. இடையில் 271, 272 என்று இரண்டு கூடுதல்கள் இருக்கின்றன. அவற்றின் சராசரி 90.33, 90.67. இந்த இரண்டு எண்ணும் "81 முதல் 90 வரை"யிலும் இல்லை, "91 முதல் 100 வரை"யிலும் இல்லை.

ஆசிரியை காட்டிய பையனின் மதிப்பெண்கள் 88, 91, 93. கூடுதல் 272, சராசரி 90.666 என்று முடிவில்லாமல் போகும். பக்கத்துப் பெண்ணுக்கு 90, 90, 93. கூடுதல் 273, சராசரி சரியாக 91. சராசரி நெடுவரிசையில் தசமம் தெரிய வேண்டாம் என்று யாரோ வடிவமைப்பை மாற்றி வைத்திருந்தார்கள். அதனால் திரையில் 90.67-ம் 91 என்றே தெரிந்தது. கட்டத்துக்குள் இருக்கும் எண் அப்படியேதான் இருக்கிறது. நம் கண்ணுக்குக் காட்டுவது மட்டும்தான் மாறுகிறது. ஃபார்முலா உள்ளே இருக்கும் எண்ணைத்தான் படிக்கும். இப்படிச் சந்தேகம் வந்தால் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து இரண்டு தசம இடம் தெரியும்படி மாற்றிப் பாருங்கள். பாதிப் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

கீழ் எல்லை மட்டும் போதும்

எண்ணைக் கொடுத்தால் கிரேடைச் சொல்ல வேண்டும். இதற்குப் பலரும் முதலில் கை வைப்பது IF. "81-க்குச் சமமோ அதிகமோ, அதோடு 90-க்குச் சமமோ குறைவோ என்றால் A2" என்று அட்டவணையை அப்படியே எழுதிவிடுவார்கள். இப்படி ஒன்பது கிரேடையும் அடுக்கி, "இவை எதுவும் இல்லையென்றால் E2" என்று முடிப்பார்கள். அந்த ஃபார்முலாவில் 90.67 என்ன ஆகும் என்று பாருங்கள். A1-க்கான கேள்வியில் தோற்கும், A2-க்கான கேள்வியிலும் தோற்கும், மற்ற எல்லாவற்றிலும் தோற்று, கடைசியில் போய் E2-வில் விழும். தொண்ணூறு வாங்கிய பிள்ளைக்கு இருபது வாங்கிய கிரேடு.

IF-இல் இந்த ஒன்பது கிரேடுகளுக்கென்றே இன்னொரு பொறியும் இருக்கிறது. A1, A2, B1, B2 எல்லாம் எக்செல்லில் கட்டங்களின் முகவரிகள். மேற்கோள் குறி போட மறந்து A1 என்று எழுதினால், எக்செல் A1 கட்டத்தில் இருப்பதை எடுத்துப் போட்டுவிடும். நம் தாளில் A1 கட்டத்தில் "வரிசை எண்" என்ற தலைப்பு இருக்கிறது. ஆக, 95 வாங்கிய பிள்ளையின் கிரேடு "வரிசை எண்". B2 கட்டத்தில் முதல் மாணவரின் பெயர். அப்போது 65 வாங்கியவரின் கிரேடாக இன்னொரு பிள்ளையின் பெயர் வந்து நிற்கும். D மட்டும் தனி எழுத்து என்பதால் #NAME? என்று பிழை காட்டும். கிரேடு வர வேண்டிய இடத்தில் பெயரோ தலைப்போ வந்தால் தேட வேண்டியது விட்டுப்போன மேற்கோள் குறியைத்தான்.

இதைவிட நல்ல வழி, கிரேடு அட்டவணையைத் தாளிலேயே ஓர் ஓரமாக எழுதி வைத்து, அதில் தேடச் சொல்வது. அங்கே ஒரு முக்கியமான மாற்றம் செய்கிறோம். "81 முதல் 90 வரை" என்று இரண்டு எல்லையும் எழுதுவதில்லை. ஒவ்வொரு கிரேடும் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுகிறோம். J நெடுவரிசையில் தொடக்க எண், K நெடுவரிசையில் கிரேடு:

```
J     K
0     E2
21    E1
33    D
41    C2
51    C1
61    B2
71    B1
81    A2
91    A1
```

மாணவரின் சராசரி F2 கட்டத்தில் இருக்கிறது என்றால் கிரேடு கட்டத்தில் எழுத வேண்டியது இது:

```
=VLOOKUP(F2,$J$2:$K$10,2,TRUE)
```

இதன் பொருளைத் தமிழில் சொன்னால்: F2-இல் உள்ள எண்ணை J நெடுவரிசையில் தேடு. சரியாக அதே எண் இல்லாவிட்டால், அதைத் தாண்டாத எண்களில் பெரியதை எடு. அந்த வரிசையில் இரண்டாவது நெடுவரிசையில் இருப்பதைக் கொடு. கடைசியில் உள்ள TRUE என்பதுதான் "அதே எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்ற அனுமதி. அங்கே FALSE என்று எழுதிவிட்டால் 91 வாங்கியவருக்கு A1 வரும், 92 வாங்கியவருக்கு #N/A வரும். அட்டவணையில் 92 என்ற எண் இல்லையே!

மாடிப்படியில் நிற்பதுபோல் இதை நினைத்துக்கொள்ளலாம். 81-ஆவது உயரத்தில் ஒரு படி, 91-ஆவது உயரத்தில் அடுத்த படி. 90.67 வரை ஏறியவர் மேல்படியைத் தொடவில்லை. எனவே 81-ஆம் படியில்தான் நிற்கிறார். இந்த முறையில் இடைவெளி என்பதே கிடையாது. ஒரு கிரேடு முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. எந்த எண்ணும் யாருக்கும் சொந்தமில்லாமல் நடுவில் தொங்காது.

முகவரிகளில் இருக்கும் $ குறி தவறாமல் வேண்டும். அது இல்லாமல் ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் அட்டவணையும் ஒவ்வொரு வரிசையாகக் கீழே நழுவும். இரண்டாவது மாணவருக்கே 0 என்ற வரிசை அட்டவணையை விட்டுப் போய்விடும். மேலே சில பேருக்குச் சரியாக வந்து, கீழே போகப் போக #N/A அதிகமானால் காரணம் இதுதான்.

தலைகீழாக எழுதிய அட்டவணை

பள்ளியில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் A1 மேலே, E2 கீழே. அதைப் பார்த்து அப்படியே 91, 81, 71 என்று இறங்கு வரிசையில் தட்டச்சு செய்துவிடுவது இயல்பு. அப்போது VLOOKUP தரும் விடைகள் பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். 95 வாங்கியவருக்கு E2. 60 வாங்கியவருக்கும் E2. 45 வாங்கியவருக்கு #N/A.

அகராதியில் நாம் சொல் தேடுவதுபோலத்தான் TRUE போட்ட VLOOKUP-உம் தேடுகிறது. முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படிப்பதில்லை. நடுவில் திறக்கிறது. தேடும் எண் அங்கே இருப்பதைவிடப் பெரிதென்றால் கீழ்ப்பாதிக்குப் போகிறது, சிறிதென்றால் மேல்பாதிக்குப் போகிறது. மறுபாதியைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எண்கள் ஏறுவரிசையில் இருக்கின்றன என்று நம்பித்தான் இப்படிச் செய்கிறது.

இறங்கு வரிசை அட்டவணையில் ஒன்பது எண்களுக்கு நடுவே ஐந்தாவதாக இருப்பது 51. தேடுவது 95. 95 பெரிது, எனவே கீழ்ப்பாதி. அங்கே இருப்பவை 41, 33, 21, 0. எல்லாமே 95-ஐவிடச் சிறியவை என்பதால் மேலும் மேலும் கீழே போய்க் கடைசி வரிசையில் நிற்கிறது. அங்கே இருப்பது E2. தேடுவது 45 என்றால் 51-ஐவிடச் சிறிது, மேல்பாதிக்குப் போகிறது. அங்கே 91, 81, 71, 61. 45-ஐத் தாண்டாத எண் ஒன்றுகூட இல்லை, #N/A. வகுப்பில் ஒருபாதிக்கு E2-உம் மறுபாதிக்கு #N/A-உம் வந்தால் ஃபார்முலாவைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். அட்டவணையை ஏறுவரிசையில் மாற்றினால் போதும்.

புதிய எக்செல்லில் XLOOKUP என்ற ஃபார்முலா வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதை 2019-இல் அறிவித்தது. எக்செல் 2021-இலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும் இருக்கிறது, கூகுள் ஷீட்ஸிலும் இருக்கிறது. அது வழக்கமாக முதல் வரிசையிலிருந்து படித்துக்கொண்டு வருவதால் அட்டவணை எந்த வரிசையில் இருந்தாலும் குழம்பாது. ஆனால் பல பள்ளிகளின் கணினியில் இன்னும் பழைய எக்செல்தான். அங்கே இந்தத் தாளைத் திறந்தால் XLOOKUP கணக்கிடாது. தாள் எத்தனை கணினிகளுக்குப் போகும் என்று தெரியாதபோது VLOOKUP-ஐயும் ஏறுவரிசையையும் பிடித்துக்கொள்வதே நல்லது.

ஒரே அட்டவணை, மூன்று விதி

ஆசிரியையின் தாளில் VLOOKUP சரியாகவே எழுதியிருந்தது. அட்டவணையும் ஏறுவரிசையில்தான் இருந்தது. $ குறியும் இருந்தது. அப்படியும் அந்தப் பையனுக்கு A2. "அப்போ A2தான் சரியா சார்?" என்று கேட்டார்.

அதற்கு விடை எக்செல்லிடம் இல்லை. அச்சிட்ட அட்டவணையிலும் இல்லை. அந்த அட்டவணையை மூன்று விதமாகப் படிக்கலாம். மூன்றும் நியாயமான படிப்புகளே.

முதல் படிப்பு: 91-ஐத் தொட்டால்தான் A1. தொடாதவரை A2. மேலே எழுதிய VLOOKUP செய்வது இதைத்தான்.

இரண்டாவது படிப்பு: A2 என்பது 90 வரைதான். 90-ஐத் தாண்டிவிட்டால் அடுத்த கிரேடு. இதில் 90.33 வாங்கியவர்கூட A1. இதற்குத் தொடக்க எண்கள் உதவாது, முடியும் எண்கள் வேண்டும். L நெடுவரிசையில் அதே ஏறுவரிசையில் 20, 32, 40, 50, 60, 70, 80, 90, 100 என்று எழுதிக்கொண்டு, மாணவரின் சராசரியைவிடச் சிறிய எல்லைகள் எத்தனை என்று எண்ணச் சொல்லலாம்:

```
=INDEX($K$2:$K$10,COUNTIF($L$2:$L$10,"<"&F2)+1)
```

சராசரி 90 என்றால் அதைவிடச் சிறிய எல்லைகள் ஏழு. ஏழோடு ஒன்று சேர்த்து எட்டாவது கிரேடு, A2. சராசரி 90.33 என்றால் 90-உம் சிறியதாகிவிடுகிறது. எட்டோடு ஒன்று ஒன்பது, A1.

மூன்றாவது படிப்பு: அட்டவணை முழு எண்களுக்காக எழுதப்பட்டது, எனவே சராசரியை முதலில் முழு எண்ணாக்கு, பிறகு தேடு. பாதிக்குக் கீழே இருந்தால் விடு, பாதியோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்று கூட்டு. 90.33 ஆனால் 90, 90.67 ஆனால் 91.

```
=VLOOKUP(ROUND(F2,0),$J$2:$K$10,2,TRUE)
```

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு எங்கே என்று தெரிகிறது. விதி1 தொடக்க எல்லை, விதி2 முடியும் எல்லை, விதி3 முழு எண்ணாக்கல்:

```
கூடுதல்  சராசரி  விதி1  விதி2  விதி3
270      90.00    A2     A2     A2
271      90.33    A2     A1     A2
272      90.67    A2     A1     A1
273      91.00    A1     A1     A1
```

270-இலும் 273-இலும் சண்டையே இல்லை. நடுவில் இரண்டு வரிசையில்தான் விதி பேசுகிறது. இதே கதை 80-81, 70-71, 40-41 என்று எட்டு எல்லைகளிலும் நடக்கும்.

இதில் தமிழும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். "91-க்கு மேல்" என்று சொல்லும்போது 91 அதில் சேர்த்தியா? பேச்சில் சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள், சிலர் விட்டுச் சொல்கிறார்கள். "20-க்குக் கீழ்" என்பதும் அப்படித்தான். பேச்சில் இது எப்படியோ ஓடிவிடும். ஃபார்முலாவுக்கு > வேறு, >= வேறு. சுற்றறிக்கை எழுதுபவர் "91-ம் அதற்கு மேலும்" என்று எழுதினால், அதைத் தட்டச்சு செய்பவருக்கு >= என்பதில் சந்தேகமே வராது.

வராத பிள்ளையும் எழுத்தாய்ப் போன எண்ணும்

எல்லை விதி முடிவானாலும், தேடப் போகும் எண்ணே தவறாக இருந்தால் கிரேடு சரியாக வராது. இங்கே மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, காலிக் கட்டம். VLOOKUP-க்கு வெறும் கட்டத்தைக் கொடுத்தால் அதை 0 என்றே எடுத்துக்கொண்டு E2 என்று சொல்லிவிடும். மதிப்பெண் இன்னும் பதியாத பிள்ளைக்கு மிகக் கீழான கிரேடு பதிவாகும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டாவது, தேர்வுக்கு வராதவருக்கு AB என்று போடுவது. AVERAGE எழுத்தைக் கணக்கில் எடுக்காது. மீதி இரண்டு பருவத்தைக் கூட்டி இரண்டால் வகுத்துவிடும். ஒரு பருவம் வராத பிள்ளைக்கும் சராசரி அழகாக வந்து நிற்கும்.

மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. வேறு மென்பொருளிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒட்டிய எண்கள் சில சமயம் எழுத்தாகவே பதிந்துவிடும். பார்க்க 92 என்று இருக்கும். ஆனால் எக்செல்லுக்கு அது ஓர் எழுத்துத் தொடர். AB-யைப் போலவே அதையும் கணக்கில் சேர்க்காது. எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். நெடுவரிசையில் ஒன்றிரண்டு எண் மட்டும் இடம் தள்ளி நின்றால், மூலையில் சிறிய பச்சை முக்கோணம் தெரிந்தால், அதுதான் அடையாளம்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே காவல் போடலாம். COUNT என்ற ஃபார்முலா எண்ணாக உள்ள கட்டங்களை மட்டுமே எண்ணும். பருவ மதிப்பெண்கள் C, D, E நெடுவரிசைகளில் இருந்தால்:

```
=IF(COUNT(C2:E2)<3,"பார்க்க",VLOOKUP(ROUND(F2,0),$J$2:$K$10,2,TRUE))
```

மூன்று கட்டத்திலும் எண் இல்லையென்றால் கிரேடு வராது. "பார்க்க" என்று வரும். வராத பிள்ளைக்கு என்ன செய்வது என்பதை ஆசிரியர் முடிவு செய்ய வேண்டும்; ஃபார்முலா தானாக முடிவு செய்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த அட்டவணைக்கு மேல் எல்லை கிடையாது. 91 என்று அடிக்கப் போய் 910 என்று அடித்துவிட்டால், சராசரி முந்நூறைத் தாண்டினாலும் VLOOKUP தயங்காமல் A1 என்று சொல்லும். மதிப்பெண் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, "டேட்டா வேலிடேஷன்" மூலம் 0 முதல் 100 வரை மட்டும் ஏற்கும்படி செய்துவிட்டால் தட்டும்போதே தடுத்துவிடும்.

தசம மதிப்பெண்களைப் பெருக்கிக் கூட்டும் பள்ளிகளுக்கு ஒரு சொல். கணினி எண்களை இரண்டின் அடிமானத்தில் வைத்துக்கொள்கிறது. நமக்கு மூன்றில் ஒன்றைத் தசமத்தில் முழுதாக எழுத முடியாததுபோல, அதற்குப் பத்தில் ஒன்றை முழுதாக எழுத முடியாது. அதனால் கையால் போட்டால் சரியாக 91 வரும் கணக்கு, உள்ளே 91-க்கு ஒரு மயிரிழை குறைவாக நிற்கக்கூடும். முதல் விதியைப் பின்பற்றும் இடத்தில் அந்த மயிரிழை ஒரு கிரேடையே இறக்கிவிடும். தேடும் முன் ROUND(F2,2) என்று இரண்டு தசமத்துக்குச் சீராக்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

எல்லையில் நின்று சோதிப்பது

ஃபார்முலா சரியா என்று பார்க்க 55, 78, 95 என்று ஏதாவது எண்ணைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அவை எந்த விதியிலும் சரியாகவே வரும். தவறு எல்லையில்தான் ஒளிந்திருக்கும். எனவே சோதனையும் அங்கேதான் நடக்க வேண்டும்.

அன்று நாங்கள் செய்தது இது. தனித்தாள் ஒன்றில் ஒவ்வொரு எல்லைக்கும் நான்கு எண்கள் எழுதினோம்: 20, 20.33, 20.67, 21, 32, 32.33, 32.67, 33, இப்படி எட்டு எல்லைக்கு முப்பத்திரண்டு எண்கள். அவற்றோடு 0, 100. ஃபார்முலாவைப் பார்க்காமல், ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய கிரேடை ஆசிரியை முதலில் தன் கையால் பக்கத்தில் தட்டினார். பிறகுதான் ஃபார்முலாவை இழுத்து இரண்டையும் ஒப்பிட்டோம். கையால் எழுதும்போதே அவர் 20.33-இல் நின்றுவிட்டார். "இதுக்கு என்ன சார் போடறது?" ஃபார்முலாவுக்கு முன்னால் மனிதருக்கே விதி தெரியவில்லை என்பது அங்கே வெளிச்சமாயிற்று.

தலைமை ஆசிரியரிடம் போனோம். அவர் மூன்று விதியையும் கேட்டார். 271, 272 வரிசைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "பருவ மதிப்பெண் முழு எண்ணாத்தானே பதிவாகுது. சராசரியையும் முழு எண்ணாக்கியே கிரேடு போடுவோம். எல்லா வகுப்புக்கும் இதே மாதிரி இருக்கட்டும்" என்றார். தாளின் மேலே ஒரு வரி எழுதினோம்: "மூன்று பருவச் சராசரியை அருகிலுள்ள முழு எண்ணாக்கியபின் கிரேடு வழங்கப்படுகிறது." சராசரி நெடுவரிசையில் இரண்டு தசம இடம் தெரியும்படி மாற்றி, பக்கத்தில் முழு எண்ணாக்கியதைத் தனி நெடுவரிசையில் வைத்தோம். இனி திரையில் தெரியும் எண்ணும் ஃபார்முலா படிக்கும் எண்ணும் ஒன்றே.

கடைசியாக ஒவ்வொரு கிரேடிலும் எத்தனை பேர் என்று COUNTIF-ஆல் எண்ணி, "பார்க்க" என்று வந்தவர்களையும் சேர்த்துக் கூட்டினோம். வகுப்பின் எண்ணிக்கையோடு பொருந்தியது. யாரும் இடைவெளியில் விழவில்லை.

88, 91, 93 வாங்கிய பையனுக்கு A1 வந்தது. ஆனால் அந்த வகுப்பில் 271 கூடுதல் வாங்கிய ஒரு பெண்ணும் இருந்தாள். அவளுக்கு 90.33, முழு எண்ணாக்கினால் 90, எனவே A2. ஒரே ஒரு மதிப்பெண்ணில் ஒரு கிரேடு போகிறது. எந்த விதி வைத்தாலும் எல்லையில் யாராவது ஒருவர் நிற்கத்தான் செய்வார். அவளுடைய அம்மா வந்து கேட்டபோது ஆசிரியை தாளைத் திருப்பிக் காட்டினார். மூன்று பருவ மதிப்பெண், 90.33 என்ற சராசரி, 90 என்ற முழு எண், மேலே எழுதியிருந்த அந்த ஒரு வரி. அந்த அம்மா விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் கூட்டிப் பார்த்தார். "சரிங்க டீச்சர். கணக்கு புரியுது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.